கைக்குட்டை அளவு சாம்பிள்

அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தத் தெருவில் பாதிப் பேர் முழிப்பார்கள். டேப் அக்கா என்றால் உடனே கை காட்டுவார்கள். கழுத்தில் எந்நேரமும் இஞ்சு டேப் தொங்கும். அடுப்படியிலும் தொங்கும், கடைத்தெருவிலும் தொங்கும். மகளின் பள்ளிக்கூட மீட்டிங்குக்கு அப்படியே போய் நின்றபோது, "யாருக்கு அளவெடுக்க வந்திருக்கீங்க?" என்று டீச்சரே கேட்டிருக்கிறார்.

மளிகைக் கடைக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறைதான் அவளுடைய பட்டறை. இரண்டு தையல் மெஷின், துணி ஓரம் பிரியாமல் அடிக்க ஒரு ஓவர்லாக், நடுவில் பழைய கதவு ஒன்றைப் படுக்கப்போட்டுச் செய்த வெட்டு மேஜை. கதவின் கைப்பிடியைக் கழற்ற மனம் வராமல், அதில் நூல்கண்டுகளைக் கோத்து வைத்திருந்தாள். யூனிஃபார்ம் மட்டும்தான் தைப்பாள். ஜாக்கெட்டு, பாவாடை என்று யாராவது வந்தால் பக்கத்துத் தெருவுக்கு அனுப்பிவிடுவாள். "ஒரே மாதிரி இருபது தெச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்பாள்.

அவள் இடதுகைக்காரி. கத்தரிக்கோல்கூட இடதுகைக்கென்று தனியாகத் தேடி வாங்கியது. வேறு யார் எடுத்தாலும் துணியை மெல்லும், வெட்டாது. அந்த இடதுகையால்தான் அவளுடைய வாழ்க்கையின் பெரிய அவமானமும், வீட்டின் நிரந்தர நகைச்சுவையும் வந்து சேர்ந்தன.

பட்டறை தொடங்கிய புதிதில் ஒரு பல் மருத்துவமனையிலிருந்து கேட்டார்கள். "ஒரே ஒரு கோட்டு தெச்சுக் குடுங்க. சாம்பிள்தானே. பிடிச்சிருந்தா மொத்த ஸ்டாஃபுக்கும் உங்ககிட்டயே." அவள் காசு பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. கழுத்துப் பட்டியை இரண்டு முறை பிரித்துத் தைத்து, இஸ்திரி போட்டு, பூவைப் போலத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள். "யோசிச்சு சொல்றோம்" என்றார்கள். அன்று சாயங்காலம்தான் சுருக்கென்று உறைத்தது. பேனாப் பாக்கெட்டை வலது மார்பில் வைத்துத் தைத்திருக்கிறாள். உலகமே இடது மார்பில் வைக்கும். அவள் தன் கைக்கு வாகாக வைத்துவிட்டாள். போன் பண்ணிச் சொல்ல வெட்கமாக இருந்தது. பேசாமல் இருந்தாள். அவர்களும் பேசவில்லை.

பல மாதம் கழித்து அவளுடைய கணவனுக்குக் கடைவாய்ப் பல் வலி. கூடப் போனாள். உள்ளே நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. ரிசப்ஷனில் இருந்த பெண், நர்ஸ், டாக்டர், எல்லோரும் அவள் வெட்டிய கோட்டைப் போட்டிருந்தார்கள். அதே கழுத்து, அதே முதுகு மடிப்பு. எல்லோருக்கும் வலது மார்பில் பேனாப் பாக்கெட். எவனோ ஒரு டெய்லர் அவளுடைய சாம்பிளைப் பிரித்துப் போட்டு, தப்பையும் சேர்த்து விசுவாசமாக நகலெடுத்திருக்கிறான். ரிசப்ஷன் பெண் பேனா எடுக்கும்போதெல்லாம் வலது முழங்கையை மடக்கி, பறக்க முயலும் கோழியைப் போல ஒரு திணறு திணறினாள். மரத்துப்போன வாயோடு வெளியே வந்த கணவன் அதைப் பார்த்துச் சிரிக்க முயன்று, உதடு ஒரு பக்கம் மட்டும் போய், வாயைப் பொத்திக்கொண்டான்.

அதற்கப்புறம் வீட்டில் யாராவது எதையாவது சும்மா கொடுத்தால் "வலது பக்கம் பாக்கெட் வெச்சுக் குடு" என்பது வழக்கமாகிவிட்டது.

இப்போது மறுபடியும் ஒரு போன் வந்திருக்கிறது.

நகரத்தின் மறுகோடியில் ஒரு முதியோர் இல்லம். மேலாளரம்மா பேசினார். மூன்று மாடி, மாடிக்கு இத்தனை பராமரிப்பாளர்கள், எல்லோருக்கும் புது யூனிஃபார்ம் வேண்டும். டேப் அக்கா மனத்துக்குள்ளேயே துணி கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் அந்த அம்மா சொன்னார்: "சின்னது, நடுத்தரம், பெருசுன்னு ஒவ்வொண்ணுலயும் ரெண்டு, மொத்தம் ஆறு செட் அனுப்புங்க. ஒரு மாசம் போட்டுப் பாக்குறோம். சாம்பிள்தானே, அதுக்கு பில் எல்லாம் வேண்டாம். இன்னும் ரெண்டு பேர்கிட்டயும் கேட்டிருக்கேன்."

"பாக்கலாம் மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். முடியாது என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் அவள் வாயிலிருந்து வருவது அந்தப் பாக்கலாம்தான்.

ஓவர்லாக்கை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள் நாத்தனார். ஹோட்டல் லாண்டரி வேலையை விட்டுவிட்டு அண்ணியை நம்பி வந்தவள். "என்ன அண்ணி, ஆறா?"

"ஆறு."

"மூணு டெய்லர்கிட்ட ஆறு ஆறா வாங்கினா, அப்புறம் அவங்களுக்கு யூனிஃபார்ம் எதுக்கு? ஆர்டரே முடிஞ்சு போச்சே."

டேப் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. மளிகைக் கடைக்காரர் முந்தின நாள்தான் வந்து நின்றார். அறை அவருடையது. ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. "செல்போன் ரிப்பேர் பண்றவர் ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார்மா. நீ இருக்கேன்னா இருக்கேன்னு சொல்லு. இல்லேன்னா இல்லேன்னு சொல்லு. உன் பாக்கலாம் மட்டும் வேண்டாம்." நிரந்தரமாக ஒரு பெரிய ஆர்டர் கிடைத்தால் தைரியமாக இருக்கேன் என்று சொல்லலாம். கிடைக்காவிட்டால் மெஷின்கள் வீட்டுப் படுக்கையறைக்குப் போகும். நாத்தனார் மறுபடியும் லாண்டரி வாசலில் போய் நிற்பாள்.

வீட்டில் கணவன் ஒரே வார்த்தையில் முடித்தான். "குடுத்துடு."

"ஆறு செட்டுங்க. சும்மா."

"பெரிய மீன் பிடிக்கணும்னா தூண்டில்ல ஏதாவது வைக்கணும்ல."

"அண்ணே, போன தடவை மீன் புழுவை மட்டும் தின்னுட்டுப் போச்சு. பாக்கெட்டு பூரா வலது பக்கம்" என்றாள் நாத்தனார்.

"நீ சும்மா இரு. வேலை போனா நீதான் அழுவ."

"அழுதுட்டுப் போறேன். ஆறு செட் தெச்சுட்டு அழறதுக்கு, தெக்காமயே அழலாம். கண்ணு வலியாவது மிச்சம்."

மறுநாள் டேப் அக்கா பஸ் ஏறினாள். போனில் பேசினால் பாக்கலாம் வந்துவிடும் என்பதால் நேரிலேயே. பையில் இரண்டு விஷயம் எடுத்துக்கொண்டாள். ஒன்று, ஒரு மழலையர் பள்ளிச் சமையலறைக்குத் தைத்ததில் மிஞ்சிய சட்டை. இன்னொன்று, கைக்குட்டை அளவில் வெட்டிய சில துணித் துண்டுகள். வழியெல்லாம் உதட்டுக்குள் ஒத்திகை பார்த்தாள். "மன்னிக்கணும் மேடம்" என்று தொடங்கினாள். அது சரியில்லை, என்ன தப்புச் செய்தோம் என்று மன்னிப்பு? "எங்க பாலிசி என்னன்னா" என்று தொடங்கினாள். பழைய கதவில் துணி வெட்டுகிறவளுக்கு எங்கேயிருந்து பாலிசி? இறங்கும் இடம் தாண்டிப் போய், திரும்பி நடந்தாள்.

மேலாளரம்மாவின் அறையில் ஜன்னலோரம் ஒரு செடி, மேஜையில் ஆறிப்போன காபி. நிமிர்ந்து பார்க்க நேரமில்லாத பெண்மணி. இரண்டு வார்த்தைக்கு நடுவே போன் அடித்தது. "கொண்டு வந்தீங்களா?" என்றார்.

டேப் அக்கா ஒத்திகை பார்த்ததெல்லாம் பறந்துவிட்டது. வாயில் வந்ததைக் கேட்டாள். "மேடம், அந்த ஒரு மாசத்துல நீங்க எதைப் பாக்கப் போறீங்க?"

"எதைன்னா? நல்லா இருக்கான்னுதான்."

"நல்லா இருக்கான்னா, பாக்குறதுக்கா? போட்டுக்கிறதுக்கா? தொவைக்கிறதுக்கா? எனக்குத் தெரிஞ்சா அதை மட்டும் காட்டிடுவேன்ல."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். இதுவரை யாரும் இதைக் கேட்கவில்லை போலிருக்கிறது. கதவுப் பக்கம் திரும்பி யாரையோ கூப்பிட்டார். தலைமைப் பராமரிப்பாளர் வந்தாள். ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு, தோள்கள் விரிந்து, வாசல் நிலையையே அடைத்துக்கொண்டு நின்றாள். இல்லத்தில் எல்லோருக்கும் அவள் மலையக்கா.

"கையைத் தூக்கிக் காட்டு" என்றார் மேலாளரம்மா.

மலையக்கா கையைத் தூக்கினாள். அக்குளில் ஒரு சாண் கிழிந்து, உள்ளே போட்டிருந்த பனியன் தெரிந்தது. "ஒவ்வொரு தடவை பெரியவங்களைத் தூக்கி உக்கார வைக்கும்போதும் டர்ருன்னு ஒரு சத்தம் வருது. போன வாரம் ஒரு தாத்தா பயந்துட்டாரு. தன் எலும்புன்னு நெனச்சுக்கிட்டாரு."

டேப் அக்கா சட்டையின் ஓரத்தைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள். தையல் விட்டுப்போகவில்லை, துணிதான் கிழிந்திருந்தது. "இது வாங்கினப்ப லூசா இருந்துச்சா?"

"தொளதொளன்னு இருந்துச்சு."

"அப்ப சுருங்கிடுச்சு. நீங்க கொதிக்கிற தண்ணியில தொவைப்பீங்க, இல்லையா?"

"பின்ன, படுக்கையில இருக்கிறவங்க துணியோட சேர்த்துத் தொவைக்கிறது. கொதிக்காம எப்படி?" என்றார் மேலாளரம்மா. "அதனாலதான் ஒரு மாசம் போட்டுப் பாக்கணும்னேன். போன ஆளு சாம்பிள் பிரமாதமா குடுத்தான். ஆர்டர்ல வேற துணி. நான்தான் கையெழுத்துப் போட்டவ. மேலிடத்துல எல்லாரும் என்னைப் பாக்குறாங்க."

ஆக, இந்த அம்மா கஞ்சம் இல்லை. சூடுபட்டவர். டேப் அக்காவுக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது. சூடுபட்டவர்களிடம் பேச அவளுக்குத் தெரியும், அவளும் பட்டவள்தானே.

"மேடம், ஆறு செட்டு நான் சும்மா குடுக்க முடியாது" என்றாள். சொல்லிவிட்டாள். கூரை இடிந்து விழவில்லை. "என் பட்டறையில ரெண்டே பேரு. ஆறு தெக்கணும்னா மத்தவங்க வேலை அத்தனையும் நிக்கும். ஆனா உங்க சந்தேகம் தீர்றதுக்கு ஆறு செட்டு தேவையே இல்லை."

பையிலிருந்து துணித் துண்டுகளை எடுத்தாள். ஒவ்வொன்றின் நடுவிலும் அழியாத மையால் ஒரு கட்டம் போட்டிருந்தது. ஓரத்தில் இரண்டு துண்டைச் சேர்த்து ஓவர்லாக் அடித்து, மேலே இன்னொரு தையல் ஓட்டியிருந்தது. "இது நான் போடப்போற துணி. இது நான் போடப்போற தையல். இந்தக் கட்டத்தை இப்பவே அளந்து வெச்சுக்கோங்க. உங்க லாண்டரியில, உங்க சோப்புல, உங்க கொதிதண்ணியில எத்தனை தடவை வேணா போடுங்க. அப்புறம் மறுபடி அளந்து பாருங்க. சாயம் போகுதா, சுருங்குதா, தையல் பிரியுதா, எல்லாம் இதுலயே தெரியும். ஒரு துண்டு உங்க மேஜையிலயே இருக்கட்டும். ஆர்டர்ல துணி மாறியிருந்தா பக்கத்துல வெச்சுப் பாத்துக்கலாம். இதுக்குக் காசு வேண்டாம்."

"உடம்புக்கு எப்படி இருக்கும்னு இது சொல்லாதே."

"சொல்லாது. அதுக்கு ஒரு சட்டை தெக்கிறேன். ஒண்ணே ஒண்ணு, இவங்க அளவுக்கு. அதுக்கு மட்டும் காசு குடுங்க. ஆர்டர் குடுத்தா அந்தக் காசை பில்லுல கழிச்சுடறேன். குடுக்கலேன்னா சட்டை உங்களுக்கு, துணி வெட்டுற அளவுக் காகிதம், அந்தப் பேட்டர்ன் எனக்கு. இப்ப என் கை வேலை எப்படின்னு பாக்கணும்னா, இது வேறொரு இடத்துக்குத் தெச்சது. போட்டுப் பாத்துட்டுக் குடுங்க. அவங்க போன் நம்பரும் தர்றேன், கேட்டுப் பாருங்க."

மலையக்கா சட்டையை வாங்கி, தன் தோளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "இதுல என் ஒரு கைதான் போகும்" என்றாள்.

மேலாளரம்மா சிரிக்கவில்லை. "மத்த ரெண்டு பேரும் ஆறு செட்டும் சும்மா தர்றேன்னுட்டாங்களே."

இந்த இடத்தில்தான் பாக்கலாம் நுனிநாக்குக்கு வந்து நின்றது. அவள் கழுத்து டேப்பை இரு முனையிலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அது அவங்க வசதி மேடம். என்னால முடிஞ்சது இது."

"சரி. யோசிச்சு சொல்றேன்."

அதே வார்த்தை. பல் மருத்துவமனையில் சொன்ன அதே வார்த்தை. திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள்.

பேசியதை எழுத்தில் போட்டுவிடுவது நல்லது என்று நாத்தனார் சொன்னாள். இருவரும் சேர்ந்து போனில் தட்டினார்கள். டேப் அக்கா எழுதியதில் நாலு இடத்தில் "தயவுசெய்து" இருந்தது. நாத்தனார் மூன்றை அழித்தாள். "ஒண்ணு மரியாதைக்கு. மிச்சம் மூணும் பயத்துக்கு." துணித் துண்டு இலவசம், ஒரு சட்டை காசுக்கு, ஆர்டரில் கழிவு, எப்போது சொன்னால் எப்போது தைத்துத் தர முடியும், அவ்வளவுதான். அனுப்பினார்கள். பார்த்துவிட்டதற்கு அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

நாட்கள் போயின. மளிகைக் கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை; ஆனால் செல்போன் ரிப்பேர்காரர் ஒருநாள் வந்து வாசலில் நின்று, மேஜை எங்கே போடலாம் என்று கண்ணாலேயே அளந்துவிட்டுப் போனார். கணவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சரி விடு" என்றான். அந்த விடுவில் ஆயிரம் இருந்தது.

ஒரு மத்தியானம் நாத்தனார் டீ வாங்கிக்கொண்டு திரும்பியபோது, வெட்டு மேஜையில் புதுத்துணி மடிப்பு மடிப்பாக விரிந்து கிடந்தது. டேப் அக்கா சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். சின்னது, நடுத்தரம், பெருசு.

"அண்ணி, என்னது இது?"

"ஆறுதானே. ரெண்டு பேரும் ஒரு வாரம் உக்காந்தா முடிஞ்சுடும். குடுத்துடலாம். இந்த ரூம் போச்சுன்னா உன் அண்ணன் மூஞ்சியப் பாக்க முடியாது. உன் மூஞ்சியையும்."

நாத்தனார் டீயை வைத்தாள். மேஜையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். "வேற கத்தரிக்கோல்ல வெட்டுங்க பாப்போம்."

"விளையாடாத."

"விளையாடல. நான் லாண்டரில நின்னவ. நாங்க தொவைச்சுப் பாக்குறதுக்கு நாளாகும். நீங்க சொன்னீங்கல்ல, எத்தனை தடவை வேணா போடுங்கன்னு? போட்டுக்கிட்டிருப்பாங்க. நீங்கதான் தொவைக்கச் சொன்னீங்க, நீங்களே காயறதுக்குள்ள ஓடுறீங்க."

டேப் அக்கா நாத்தனாரின் வலதுகைக் கத்தரிக்கோலை எடுத்து இடதுகையில் பிடித்தாள். அது துணியைக் கடித்துக்கொண்டு நின்றது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டீ ஆறிக்கொண்டிருந்தது. பிறகு நாத்தனார் துணியை மடிக்க ஆரம்பித்தாள். டேப் அக்கா மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தாள்.

போன் அந்த வாரக் கடைசியில் வந்தது. மேலாளரம்மா இல்லை. கனத்த குரல்.

"நான் மலை பேசுறேன். லாண்டரியில உங்க கட்டத்தைப் பத்திதான் பேச்சு. ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் ஸ்கேல் வெச்சு அளக்குறாங்க. அசையல. மத்த ரெண்டு பேர் அனுப்பினதையும் தொவைச்சோம். ஒண்ணோட கைநீளம் இப்ப என் முழங்கை வரைக்கும்தான். இன்னொண்ணு நல்லாத்தான் இருக்கு, பொய் சொல்லக் கூடாது. ஆனா கையைத் தூக்கினா அக்குள்ல பிடிக்குது. இருங்க, மேடம் பேசுறாங்க."

மேலாளரம்மா சுருக்கமாகப் பேசினார். "அந்த ஒரு சட்டை தெச்சிடுங்க. பில்லோட அனுப்புங்க. நீங்க எழுதியிருந்த மாதிரியே."

"சரி மேடம்" என்றாள். வைத்த பிறகுதான் பாக்கலாம் வரவில்லை என்பது அவளுக்கே தெரிந்தது.

அளவெடுக்கப் போனபோது மலையக்காவைக் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கவிடவில்லை. ஒரு காலி நாற்காலியைக் காட்டி, "இதுல ஒரு பெரியவர் இருக்கார்னு நெனச்சுத் தூக்குங்க" என்றாள். மலையக்கா குனிந்து, இல்லாத பெரியவரை அணைத்து, "மெதுவா தாத்தா, மெதுவா" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். குனிந்த நிலையிலேயே முதுகையும் கையையும் அளந்தாள் டேப் அக்கா. அக்குளில் ஒரு நாலுமூலைத் துண்டு வைத்துத் தைத்தால் கையைத் தூக்கும்போது சட்டை கூடவே மேலேறாது என்று விளக்கினாள். கடைசியில், கொஞ்சம் தயங்கி, "பேனாப் பாக்கெட் எந்தப் பக்கம் வேணும்?" என்றாள்.

"எந்தப் பக்கமும் வேண்டாம்."

"வேண்டாமா?"

"மார்ல பேனா இருந்தா, அணைச்சுத் தூக்கும்போது அவங்க முகத்துல குத்துது. நாங்களே பிரிச்சு எறிஞ்சுட்டோம். கீழே இடுப்புக்கிட்ட வையுங்க."

டேப் அக்கா இத்தனை காலமாக வலதா இடதா என்று மனம் புழுங்கிக்கொண்டிருந்தாள். பாக்கெட்டே தேவையில்லாத மார்பும் உலகத்தில் இருக்கிறது. அவளுக்கு உரக்கச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. "ரெண்டு பக்கமும் வெச்சுடறேன். என்னை மாதிரி கைக்காரங்களும் இருப்பாங்கல்ல."

அந்தச் சட்டையை மலையக்கா போட்டாள், துவைத்தாள், மறுபடி போட்டாள். டர்ரென்ற சத்தம் வரவில்லை. ஆர்டர் வந்தது, மூன்று மாடிக்கும் இல்லை. "முதல்ல தரைத்தளம். நல்லா உழைச்சா மேல ரெண்டும்" என்று எழுதியிருந்தார் மேலாளரம்மா. கீழே, கொடுத்த காசைக் கழித்துக்கொள்ளவும் என்று ஒரு வரி.

"ஒரு மாடிதானா?" என்றான் கணவன்.

"தரைத்தளம் இல்லாம மாடி எங்கேண்ணே நிக்கும்?" என்றாள் நாத்தனார்.

டேப் அக்கா மளிகைக் கடைக்கு முன்பக்கம் வழியாகப் போனாள். கடைக்காரர் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். தராசு நிற்கும் வரை காத்திருந்தாள்.

"நான் இருக்கேன்" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பாக்கலாம் இல்லையே?"

"இல்லை. இருக்கேன். அந்த ரிப்பேர்காரர்கிட்ட சொல்லிடுங்க."

கடைக்காரர் பருப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, தன் கடைப் பையன்களுக்கு ஏப்ரன் வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருப்பதாகவும், முதலில் ஒன்றைச் சும்மா தைத்துக் காட்டினால் நன்றாயிருக்கும் என்றும் சொன்னார்.

டேப் அக்கா கழுத்திலிருந்து டேப்பை உருவினாள். "கைக்குட்டை அளவு துணி சும்மா தர்றேன் அண்ணாச்சி. வேணுங்கிற அளவுக்குத் தொவைச்சுப் பாருங்க."